பாஸ்புக்கில் விழும் அந்த 118 ரூபாய்

ஐயா, திண்டுக்கல்லில் பூட்டு, கதவுச் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கிறோம். கடையின் கரண்ட் அக்கவுண்ட்டில் அக்டோபர் மாதம் 118 ரூபாய் ஏழெட்டு முறை, 177 ரூபாய் இரண்டு முறை, 590 ரூபாய் ஒரு முறை பிடித்திருக்கிறார்கள். கிளையில் கேட்டால் "சர்வீஸ் சார்ஜ் ஷெட்யூலைப் பாருங்கள்" என்று நாலு பக்கத் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். படித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. அந்தத் தாளின் நகலையும், அக்டோபர் ஸ்டேட்மென்ட்டையும், நவம்பரில் எங்கள் வரவு செலவு எப்படி இருக்கும் என்று நானே எழுதிய குறிப்பையும் இணைத்திருக்கிறேன். எவ்வளவு பிடிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?
— வாசகர், திண்டுக்கல்

தெரிந்துகொள்ளலாம். உங்கள் நவம்பர் குறிப்பை வைத்துப் போட்டுப் பார்த்ததில் ஏறத்தாழ 2,030 ரூபாய் வருகிறது. அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் அடுத்த மாதம் நீங்களே போட்டுக்கொள்வீர்கள். பாதிக்கு மேல் குறைக்கவும் வழி இருக்கிறது.

தாளைக் கையில் எடுத்ததும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். மேலே எந்தத் தேதியிலிருந்து அமல் என்று போட்டிருக்கும். பழைய தாளாக இருந்தால் கணக்கே வீண். அடுத்தது, கரண்ட் அக்கவுண்ட் என்பது ஒரே கணக்கு அல்ல. ஒரே வங்கியில் நாலைந்து வகை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். உங்கள் வகையின் பெயர் ஸ்டேட்மென்ட்டின் தலைப்பிலேயே இருக்கிறது. மூன்றாவது, கிராமம், சிறுநகரம், நகரம், மாநகரம் என்ற பிரிவு. அது கணக்கு இருக்கும் கிளையைப் பொறுத்தது, உங்கள் வீட்டு முகவரியைப் பொறுத்தது அல்ல. நீங்கள் அனுப்பிய தாளில் மூன்றும் சரியாக இருக்கின்றன, அதனால் மேலே போகலாம்.

தாளில் உள்ள எண்ணும் பாஸ்புக்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்றுதான் பலரும் முதலில் குழம்புவார்கள். காரணம் ஜிஎஸ்டி. தாளில் இருப்பது வரிக்கு முந்தைய தொகை, அதன்மேல் 18 சதவீதம் சேர்த்துத்தான் பிடிப்பார்கள். பாஸ்புக்கில் உள்ள தொகையை 1.18 ஆல் வகுத்துப் பாருங்கள். 118 வகுத்தால் 100. 177 வகுத்தால் 150. 590 வகுத்தால் 500. இப்போது தாளில் 100, 150, 500 எங்கே இருக்கிறது என்று தேடினால் மூன்றும் அகப்படும்: பணம் கட்டும் கட்டணத்தின் குறைந்தபட்சம், நீங்கள் போட்ட செக் திரும்பியதற்கான கட்டணம், மினிமம் பேலன்ஸ் குறைவுக் கட்டணம். சில வங்கிகள் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டும். உங்கள் வங்கி சேர்த்தே காட்டுகிறது.

பெரிய செலவு பணம் கட்டுவதில் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் தாளில் இருப்பது இது: சொந்தக் கிளையில் மாதம் 3 லட்சம் வரை ரொக்கம் கட்ட இலவசம். அதற்கு மேல் ஆயிரத்துக்கு 3 ரூபாய், ஒரு முறைக்குக் குறைந்தபட்சம் 100 ரூபாய். இதைப் படிப்பவர் கண் நேராக "ஆயிரத்துக்கு 3" என்ற இடத்துக்குப் போகும். நவம்பரில் நாலரை லட்சம் கட்டப் போகிறோம், ஒன்றரை லட்சம் கூடுதல், 150 மூன்று 450 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு நிம்மதியாகிவிடுவார். உண்மையில் 900 ரூபாய் பிடிப்பார்கள். காரணம் "ஒரு முறைக்கு" என்ற இரண்டு சொல்.

நீங்கள் தினமும் கடை சாத்துவதற்கு முன் கல்லாவை எண்ணி, மறுநாள் காலை 18,000 ரூபாய் அளவில் கட்டுகிறீர்கள். மாதத்தில் 25 நாள். பதினாறாவது முறை கட்டும்போது 2,88,000 ஆகியிருக்கும். பதினேழாவது முறை 3 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த முறையிலிருந்து ஒவ்வொரு 18,000 ரூபாய்க்கும் வீதப்படி 54 ரூபாய்தான் வரும், ஆனால் குறைந்தபட்சம் 100 என்பதால் 100. ஒன்பது முறை, 900 ரூபாய். வரியோடு ஒவ்வொன்றும் 118. அக்டோபரில் நீங்கள் பார்த்த 118கள் எல்லாம் இவைதான், ஸ்டேட்மென்ட்டில் 20ஆம் தேதிக்குப் பிறகு மட்டுமே `CASH DEP CHG` என்று வந்திருப்பதைக் கவனியுங்கள். அந்த வரி ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் அடியிலேயே வந்திருக்கிறது. அதாவது உங்கள் வங்கி அப்போதைக்கு அப்போதே பிடிக்கிறது. மாதக் கடைசியில் மொத்தமாகப் பிடிக்கும் வங்கிகளும் உண்டு.

உங்கள் தாளின்படி ஒரு முறைக்கு 33,000 ரூபாய் வரை எவ்வளவு கட்டினாலும் இலவச வரம்பைத் தாண்டிய பிறகு 100தான். 5,000 கட்டினாலும் அதே 100. சில்லறையாக அடிக்கடி கட்டுபவருக்கு உண்மையான வீதம் ஆயிரத்துக்கு 3 அல்ல. உங்களுக்கு ஐந்தரைக்கு மேல் விழுகிறது.

உங்கள் தம்பி ஒட்டன்சத்திரத்தில் பாக்கி வசூல் செய்து அங்குள்ள கிளையிலேயே கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள், மாதம் இரண்டு முறை, 30,000 வீதம். அதற்குத் தாளில் வேறு கட்டணம்: சொந்தக் கிளை அல்லாத இடத்தில் ஆயிரத்துக்கு 5 ரூபாய், இலவசம் கிடையாது. தலைக்கு 150, ஆக 300. அந்தக் கடைக்காரர்கள் யுபிஐ அல்லது நெஃப்ட்டில் அனுப்பிவிட்டால் உங்கள் தாளின்படி வரவுக்குக் கட்டணம் இல்லை. பழைய பாக்கிக்காரரிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா என்பது உங்கள் தம்பிக்குத்தான் தெரியும்.

அடுத்தது சராசரி இருப்பு. உங்கள் தாளில் "மாதச் சராசரி இருப்பு 25,000" என்று இருக்கிறது. இதை "எப்போதும் 25,000 இருக்க வேண்டும்" என்று புரிந்துகொண்டு பயப்படுபவர்களும் உண்டு, "மாதக் கடைசியில் 25,000 இருந்தால் போதும்" என்று நினைத்து ஏமாறுபவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் கணக்கு முடியும்போது உள்ள இருப்பை எடுத்து, மாதம் முழுக்கக் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். நான் வங்கிக் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒருவர் காலையில் ஒரு லட்சம் கட்டி, மூன்று மணிக்கு அதை எடுத்துக்கொண்டு போவார். மினிமம் பேலன்ஸைச் சரிசெய்கிறாராம். அன்று இரவு கணக்கில் அந்த ஒரு லட்சம் இல்லை, அதனால் சராசரிக்கு ஒரு பைசா பயனில்லை. சொன்னால் நம்ப மாட்டார்.

வகுத்தலைக் கடைசிக்கு விட்டுவிட்டு, கூட்டலை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் இது எளிது. 30 நாள் மாதத்தில் 25,000 சராசரி வேண்டுமென்றால் இரவு இருப்புகளின் கூட்டல் 7,50,000 வர வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் ஓர் இரவு தங்கினால் ஒரு லட்சம். 10,000 ரூபாய் பத்து இரவு தங்கினாலும் அதே ஒரு லட்சம். உங்கள் நவம்பர் குறிப்பை இப்படி எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நாலு நாள் 62,000 இருக்கும், அது 2,48,000. ஐந்தாம் தேதி வேன் லோன் தவணையும் சப்ளையர் செக்கும் போனபின் எட்டு நாள் 9,000தான், 72,000. 13 முதல் 20 வரை 14,000, அது 1,12,000. 21 முதல் 28 வரை 20,000, அது 1,60,000. கடைசி இரண்டு நாள் பெரிய வசூல் வந்து 1,10,000 இருக்கும் என்கிறீர்கள், அது 2,20,000. கூட்டினால் 8,12,000. தேவை 7,50,000. தப்பித்தீர்கள். சராசரி 27,066.

ஆனால் தப்பித்தது கடைசி இரண்டு நாளால். அந்த வசூல் டிசம்பர் 1க்குத் தள்ளிப்போய் 29, 30 தேதிகளிலும் 20,000தான் இருந்தது என்றால் கூட்டல் 6,32,000 ஆகிவிடும், சராசரி 21,000 சொச்சம், 500 ரூபாய் கட்டணம். அதனால் 20ஆம் தேதி இரவு ஒரு முறை கூட்டிப் பாருங்கள். உங்கள் குறிப்பின்படி அதுவரை 4,32,000 சேர்ந்திருக்கும். இன்னும் 3,18,000 வேண்டும், கையில் பத்து இரவு இருக்கிறது. நாளுக்கு 20,000 வீதம் 2 லட்சம் தானாக வரும். பாக்கி 1,18,000. அதாவது ஏதாவது இரண்டு இரவு 59,000 கூடுதலாகத் தங்கினால் போதும். மாதம் முடிந்தபிறகு தெரிந்து என்ன பயன், பத்து நாள் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது பாருங்கள். பணம் தங்க வேண்டிய இரவு வார இறுதியாக இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை மாலை இருக்கும் தொகையைத் திங்கள்வரை தொடாமல் விட்டால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவுக்கும் அது எண்ணப்படும்.

இந்தக் கட்டணத்தின் குணத்தையும் கவனியுங்கள். சராசரி 12,500 முதல் 25,000க்குள் இருந்தால் 500, அதற்கும் கீழே போனால் 1,000. படிக்கட்டு மாதிரி. 24,999 இருந்தாலும் 500தான், 13,000 இருந்தாலும் 500தான். சேமிப்புக் கணக்கில் இப்படிச் செய்யக்கூடாது. அங்கே குறைந்த தொகைக்குத் தக்க விகிதத்தில்தான் கட்டணம் இருக்க வேண்டும், முன்னறிவிப்புக் கொடுத்து ஒரு மாதம் அவகாசமும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி 2015 ஏப்ரல் முதல் இருக்கிறது. அந்த விதி சேமிப்புக் கணக்குக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் தன் கணக்கில் அப்படிச் செய்கிறார்களே என்று சொன்னால் உங்கள் கரண்ட் அக்கவுண்ட்டுக்கு அது பொருந்தாது.

இப்போது ரொக்கத்துக்குத் திரும்ப வருகிறேன். மேலே படித்ததும் உங்களுக்கு ஒரு யோசனை வந்திருக்கும்: தினமும் கட்டாமல் இரண்டு நாளுக்கு ஒரு முறை 36,000 கட்டினால் என்ன? 3 லட்சத்தை நெருங்கிய பிறகு மட்டும் அப்படிச் செய்தால் போதும். தாண்டும் முறைக்கு 100, பிறகு மூன்று முறை 108 வீதம், கடைசி ஒற்றை நாளுக்கு 100. மொத்தம் 524. 900லிருந்து 376 மிச்சம். நன்றாக இருக்கிறதே?

இல்லை. கட்டாமல் வைத்த 18,000 நாலு இரவு கல்லாவில் தூங்குகிறது. கணக்கில் அந்த இரவுகளில் 18,000 குறைவு, ஆக 72,000 கூட்டலிலிருந்து போய்விட்டது. 8,12,000 என்பது 7,40,000 ஆகிவிட்டது. தேவை 7,50,000. வெறும் 10,000 குறைவு, சராசரியில் 333 ரூபாய்தான், ஆனால் படிக்கட்டில் ஒரு படி இறங்கிவிட்டீர்கள், 500 ரூபாய். 376 மிச்சம் பிடிக்கப் போய் 500 கொடுத்த கதை. ஒரு வரியை மட்டும் படித்து முடிவெடுப்பவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான், கடையில் இரவு பணம் வைக்கும் அபாயம் வேறு. இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டத்தான் வேண்டுமென்றால் வேறு எங்கிருந்தாவது 10,000 ரூபாயை ஓர் இரவு கணக்கில் கூடுதலாகத் தங்க வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். இரண்டாம் பக்கத்தில் 3 லட்சம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் இருக்கிறது. நீங்கள் பென்சிலால் அடிக்கோடு போட்ட இடங்களில் அது இல்லை, அதனால் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பக்கத்தின் அடியில் நட்சத்திரத்துக்கு விளக்கம்: "அல்லது முந்தைய மாதச் சராசரி இருப்பின் 12 மடங்கு, இதில் எது அதிகமோ அது."

25,000ஐ 12 ஆல் பெருக்கினால் 3 லட்சம். அதாவது சராசரி 25,000க்குக் கீழே இருப்பவருக்கும் 3 லட்சம் உண்டு. மேலே போகப் போக இலவச வரம்பும் கூடவே ஏறும். நவம்பரில் உங்கள் சராசரி 27,066 வந்தால் டிசம்பரில் 3,24,800 வரை இலவசம். சராசரி 37,500 வந்தால் டிசம்பரில் நாலரை லட்சமும் இலவசம். ஒன்பது முறை 118 என்பது அப்படியே காணாமல் போய்விடும்.

37,500 சராசரிக்குக் கூட்டல் 11,25,000 வர வேண்டும். உங்களிடம் 8,12,000 இருக்கிறது. 3,13,000 பாக்கி. இதைக் கடன் வாங்கி நிரப்ப வேண்டியதில்லை. ஐந்தாம் தேதி சப்ளையருக்குக் கொடுக்கும் செக்கில் 40,000 ரூபாய்க்கான பகுதியை மட்டும் தனி செக்காகப் பிரித்து 13ஆம் தேதி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எட்டு இரவு, நாற்பதாயிரம், 3,20,000. வேலை முடிந்தது. 13ஆம் தேதிக்குப் பிறகு உங்கள் இருப்பு முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கும், யாருக்கும் ஒரு ரூபாய் கூடுதலாகத் தரவில்லை. சப்ளையர் ஒப்புக்கொள்ளவில்லை, வெளியில்தான் புரட்ட வேண்டும் என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சராசரியில் கூடுதலாகத் தேவைப்படுவது பத்தாயிரத்துச் சொச்சம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 105 ரூபாய் அளவு, இரண்டு ரூபாய் வட்டி என்றாலும் 210. மிச்சமாவது 1,062.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், நவம்பர் சராசரியின் பலன் டிசம்பரில்தான் கிடைக்கும். நவம்பரில் பொருந்துவது அக்டோபர் சராசரி. ஸ்டேட்மென்ட்டிலிருந்து கூட்டிப் பார்த்தேன், அது 21,000 அளவில் நிற்கிறது, அதன் 12 மடங்கு 3 லட்சத்துக்குக் கீழே. ஆகவே நவம்பருக்கு 3 லட்சம்தான், 900 ரூபாயைத் தவிர்க்க முடியாது.

மீதிக் கட்டணங்கள் சின்னவை, ஆனால் ஒன்றில் மட்டும் சொல் வழுக்கும். செக் திரும்புவதற்கு உங்கள் தாளில் "அவுட்வர்ட் ரிட்டர்ன் 150", "இன்வர்ட் ரிட்டர்ன் 500" என்று இரண்டு இருக்கிறது. உள்ளே வருவது நமக்கு வந்த செக், வெளியே போவது நாம் கொடுத்த செக் என்றுதான் யாருக்கும் தோன்றும். வங்கியில் அது தலைகீழ். நீங்கள் வாங்கிப் போட்ட செக்கை உங்கள் கிளை கிளியரிங்குக்கு வெளியே அனுப்புகிறது, அதனால் அது அவுட்வர்ட். நீங்கள் எழுதிக் கொடுத்த செக் வேறு வங்கி வழியாக உங்கள் கிளைக்குள் வருகிறது, அது இன்வர்ட். அதாவது 150 என்பது உங்கள் வாடிக்கையாளரின் செக் திரும்பியதற்கு, 500 என்பது உங்கள் செக் பணமில்லாமல் திரும்பியதற்கு. மாதம் இரண்டு பேர் செக் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், 300 ரூபாய். அக்டோபரின் இரண்டு 177 இவைதான். உங்கள் செக் எதுவும் திரும்பவில்லை, அதனால் அந்த 500ஐக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வேன் லோன் தவணை ஐந்தாம் தேதி பணமில்லாமல் திரும்பினாலும் அதே 500, அதோடு லோன் கொடுத்தவரும் தனியாக ஒன்று போடுவார். உங்கள் குறிப்பின்படி நாலாம் தேதி இரவு 62,000 இருக்கிறது, கவலையில்லை.

செக் புத்தகக் கட்டணம் செக் எழுதும்போது வராது, புத்தகம் வாங்கும்போது வரும். காலாண்டுக்கு 50 தாள் இலவசம், மேலே தாளுக்கு 4 ரூபாய். அக்டோபரில் ஒரு புத்தகம் வாங்கிவிட்டீர்கள், நவம்பரில் இரண்டாவது தேவைப்படும், ஐம்பது தாளுக்கு 200. கிளையில் படிவம் எழுதி நெஃப்ட் அனுப்பும் நாலு முறைக்கும் தலைக்கு 5 ரூபாய், 20. எஸ்எம்எஸ் கட்டணம் காலாண்டு முடிவில் டிசம்பரில் வரும், டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் கார்டு வாங்கிய மாதத்தில். நவம்பரில் இரண்டும் இல்லை.

ஆக நவம்பர் நடவடிக்கைக்கு: ரொக்கம் 900, ஒட்டன்சத்திரம் 300, திரும்பிய செக் 300, செக் புத்தகம் 200, நெஃப்ட் 20. கூட்டினால் 1,720. வரி 309.60. மொத்தம் 2,029.60. சராசரி இருப்பு தவறினால் இதோடு 590.

ஆனால் நவம்பர் ஸ்டேட்மென்ட்டில் இதே தொகையைத் தேடாதீர்கள். சராசரி இருப்புக் கட்டணத்தை மாதம் முடிந்தபிறகுதான் கணக்கிட முடியும், அதனால் அது அடுத்த மாத முதல் வாரத்தில் விழும். அக்டோபர் 4ஆம் தேதி உங்களுக்கு விழுந்த 590, செப்டம்பருடையது. நவம்பர் முதல் வாரத்தில் இன்னொரு 590 விழும், அது அக்டோபரின் 21,000 சராசரிக்கு. நவம்பரில் ஒழுங்காக இருந்தும் பிடித்துவிட்டார்களே என்று கிளைக்குப் போய் நிற்க வேண்டாம். ஆக நவம்பர் பாஸ்புக்கில் கண்ணில் படப்போவது 2,029.60 உடன் 590, ஏறத்தாழ 2,620.

வரியாகப் போகும் 309.60 பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்று கடைச் சீட்டில் தெரிகிறது. கிளையில் கணக்கோடு உங்கள் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருந்தால் வங்கி பிடித்த வரி உங்கள் `GSTR-2B`யில் வரும், உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது. அங்கே உங்கள் வங்கியின் பெயரே இல்லையென்றால் எண் பதிவாகவில்லை என்று அர்த்தம். ஒரு கடிதம் கொடுத்தால் சேர்த்துவிடுவார்கள்.

டிசம்பர் 10ஆம் தேதி வாக்கில் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, கட்டணம் என்று தெரியும் ஒவ்வொரு தொகையையும் 1.18 ஆல் வகுத்து, மேலே உள்ள வரிகளோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தாமல் ஏதாவது நின்றால், தேதியையும் தொகையையும் எழுதி, தாளின் எந்த வரியின்படி பிடித்தீர்கள் என்று கேட்டு, கிளையில் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "ஏன் இவ்வளவு பிடிக்கிறீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் மறுபடி அந்த நாலு பக்கத் தாள்தான் கைக்கு வரும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் பதியலாம், கட்டணம் கிடையாது.

அதற்கு முன் கிளையில் ஒன்றை வாயாலேயே கேட்டுவிடுங்கள்: 12 மடங்கு வரம்பில் ஒட்டன்சத்திரத்தில் கட்டும் பணமும், மெஷினில் போடும் பணமும் சேருமா, சேராதா? உங்கள் தாளில் அது தெளிவாக இல்லை. சேரும் என்றால் டிசம்பரில் உங்கள் நாலரை லட்சத்தோடு இன்னும் 60,000 கூடும், 37,500 போதாது. 42,500 சராசரி வேண்டும், 13ஆம் தேதிக்குத் தள்ளும் செக் 60,000 ஆக இருக்க வேண்டும்.